பம்ப் மோட்டார் ரிலே தவறான அளவில் வைக்கப்பட்டது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

எங்கள் போர்வெல்லின் 15 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கு உங்களிடம் ஸ்டார்-டெல்டா பேனல் வாங்கினேன். உங்கள் டெக்னீசியன் வந்து பொருத்தி, மோட்டார் தகட்டில் 26 ஆம்ப்ஸ் என்று இருப்பதைப் பார்த்து, ஓவர்லோட் ரிலே டயலையும் 26-இல் வைத்துவிட்டுப் போனார். நான்காவது மாதம் மோட்டார் எரிந்துவிட்டது. கரன்ட் ஏற்ற இறக்கம்தான் காரணம், வாரன்ட்டியில் வராது என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பேனலில் ரிலே, மெயின் கான்டாக்டருக்குக் கீழே, மோட்டாருக்குப் போகும் ஒயரில் இருக்கிறது. டெல்டாவில் ஓடும்போது அந்த ஒயரில் போவது வைண்டிங் கரன்ட் மட்டுமே. அதாவது லைன் கரன்ட்டில் 0.58 பங்கு. கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது லைனில் 24, ரிலே ஒயரில் 14 ஆம்ப்ஸ் காட்டியது. ஆகவே டயல் 15-இல் இருந்திருக்க வேண்டும். 26-இல் வைத்தால், லைனில் 45 ஆம்ப்ஸ் வரை அந்த ரிலேக்கு அது சாதாரண ஓட்டம்தான்.

கடைசி இரண்டு வாரம் அம்மீட்டர் 31 காட்டியது. ரிலே விழவில்லை, அதனால் மோட்டார் தாங்கும் என்றே நம்பினோம். அப்புறம் ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணல் பிடித்து பம்ப் இறுகி நின்றது. இந்த மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரன்ட் ஆறு மடங்கு; ரோட்டார் பூட்டி நின்றால் இழுப்பதும் அதுவே, லைனில் 156, வைண்டிங்கில் 90 ஆம்ப்ஸ். சூடான நிலையில் அதை 8 நொடிதான் தாங்கும் என்று மோட்டார் விவரத்தாளில் இருக்கிறது. 15-இல் வைத்த ரிலேக்கு 90 என்பது ஆறு மடங்கு. கிளாஸ் 10 ரிலே என்பதால் ஐந்தாறு நொடியில் விழுந்திருக்கும். 26-இல் வைத்ததற்கு அது மூன்றரை மடங்குதான். அதனால் கால் நிமிடம் கழித்தே விழுந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மெக்கர் பூஜ்ஜியம் காட்டியது.

கரன்ட் மேல் பழி போடுவதற்கும் இடமில்லை. ஒரு ஃபேஸ் போயிருந்தால், டெல்டா மோட்டாரில் ஒரு ஃபேஸின் காயில்கள்தான் பெரும்பாலும் கருகும். காயில் கட்டுபவர் பிரித்துக் காட்டியபோது மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தன. படங்களை இணைத்திருக்கிறேன்.

மோட்டாரை மேலே தூக்கிய கூலியையும் காயில் கட்டிய செலவையும் நீங்களே தர வேண்டும். இரண்டுக்கும் பில் இணைத்துள்ளேன். ரிலே டயலைச் சரியான அளவில் வைத்து, அந்த அளவைப் பேனல் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். இதே டெக்னீசியன் எங்கள் ஊரில் இன்னும் சில தோட்டங்களுக்குப் பேனல் மாட்டியிருக்கிறார். அவற்றையும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். கோடையில் மோட்டார் போனால் பயிரும் போய்விடும்.

15 நாளில் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்