உண்டியலில் விழாத பிழை

கொழும்புப் பாடசாலைகளின் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். என் பேரன் தரம் 6இல் படிக்கிறான். அவன் வகுப்பில் ஒரு உண்டியல் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பாட நேரத்தில் ஆங்கிலச் சொல் ஒன்று வாயில் வந்தால் பத்து ரூபாய் போட வேண்டும். போன கிழமை அவன் முப்பது ரூபாய் கட்டினான். சொன்னது இதுதான்: "மிஸ், நான் லைப்ரரிக்குப் போய் புக்கை ரிட்டர்ன் பண்ணினேன்." ('மிஸ்' என்றதற்கு மட்டும் காசு கேட்கவில்லையாம்.)

அன்றைக்கே அவனுடைய கொப்பியைப் புரட்டினேன். "நான் ஒரு தம்பியை வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தான். பக்கத்தில் சிவப்புப் பேனையில் சரி போட்டிருந்தது.

நானும் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதனால்தான் இந்த இரண்டு வசனத்தையும் உங்களிடம் கொண்டு வருகிறேன்.

முதல் வசனத்தில் பெயர்களும் வினையும் ஆங்கிலம், கட்டு முழுக்கத் தமிழ். லைப்ரரி 'க்கு' ஏற்றது, புக் 'ஐ' ஏற்றது. 'ரிட்டர்ன்' நேரடியாகக் காலம் ஏற்காது என்பதால் 'பண்ணு' வந்து காலத்தையும் இடத்தையும் சுமந்தது. 'ரிட்டர்னினேன்' என்று எந்தப் பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த விதியை நாங்கள் யாரும் படிப்பிக்கவும் இல்லை. நியூயோர்க்கில் வாழ்ந்த புவர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சை ஆராய்ந்து ஷானா பொப்ளாக் 1980இல் எழுதியதும் இதற்குக் கிட்டவே வரும்: ஒரே வசனத்துக்குள் ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும் அதிகம் கலந்தவர்கள் இரண்டு மொழியிலும் வல்லவர்கள்.

இரண்டாவது வசனத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எலும்பு ஆங்கிலம். தமிழில் தம்பி 'எனக்கு இருக்கிறான்'. சைக்கிளை வைத்திருக்கலாம், தம்பியை வைத்திருப்பவன் கடத்தல்காரன். உண்டியல் இதைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. சொல்லை எண்ணுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: 'செயார்' என்ற பிள்ளையைத் திருத்தி நாங்கள் சொல்லிக்கொடுக்கும் 'கதிரை' போர்த்துக்கீசரிடம் வாங்கியது, சப்பாத்தும் அப்படியே.

அப்படியென்றால் எல்லாக் கலப்பும் திறமையா? இல்லை. அதே பேரன் இன்னொரு நாள், "பல்கனியில ஒரு... ஒரு... ஃபெதர் கிடந்தது" என்றான். இது வேறு. சொல் தேடித் தடுமாறி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டான். ஆனால் தடுமாற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது; தெரிந்த சொல்லும் சில நேரம் நாக்கில் நிற்காது. கேட்பவரை மாற்றிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமே தெரியாத என் அக்காவிடம் ஃபோனைக் கொடுத்து, இரண்டு கதையையும் சொல்லச் சொன்னேன். "புத்தகத்தைத் திருப்பிக் குடுத்திட்டு வந்தன், அம்மம்மா" என்றான், தயங்காமல். இறகுக் கதைக்கு வந்தபோது "குருவியின்ர முடி" என்றான். முதலாவதில் அவன் ஆளுக்கேற்ற மொழியைத் தெரிவு செய்கிறான். இரண்டாவதில் தெரிவு செய்ய ஒன்றுதான் அவனிடம் இருக்கிறது. காலி வீதி பஸ்ஸில் கொண்டக்டரிடம் சிங்களத்தில் "பஹினவா" என்று சொல்லிவிட்டு, தம்பியிடம் "இறங்கடா" என்று திரும்புகிறவனும் இவன்தான்.

நீங்கள் திருத்த வேண்டியது 'இறகு', 'எனக்கு ஒரு தம்பி'. எப்போது என்பதும் முக்கியம். கதை சொல்லும்போது குறுக்கே விழுந்தால் கதை நின்றுவிடும். அடுத்த முறை பிள்ளை தெரிந்த சொல்லோடு சின்னதாகவே சொல்லும். முடியட்டும், பிறகு கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் உண்டு. "ஓ, இறகு கிடந்ததா?" என்று நாங்களே சரியாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். கனடாவில் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து லிஸ்டரும் ரன்டாவும் 1997இல் எழுதியதன்படி, ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மாணவர் அதற்கு ஏதாவது எதிர்வினை காட்டியதோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிள்ளை அதைத் திருத்தம் என்றே எடுப்பதில்லை, மிஸ் கதை கேட்கிறா என்று நினைக்கிறது. "குருவிக்கு உடம்பில மூடியிருக்கிறதுக்கு என்ன பேர்?" என்று கேட்டு வாயிலிருந்து எடுக்கப் பாருங்கள். சொல் உள்ளே இருந்தால் வரும். இல்லாவிட்டால் கொடுத்துவிடுங்கள், இல்லாததைக் கேட்டு நிற்க வைப்பதும் உண்டியல் மாதிரித்தான்.

கட்டுரை, விவாதம், பரீட்சை என்றால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே 'ரிட்டர்ன் பண்ணினேன்' என்று எழுதினால் கோடு போடுங்கள். ஒரு மொழியிலேயே நிற்கப் பழகுவதுதான் அந்த வேலை. ஆனால் எழுதத் தொடங்க முதலே அதைச் சொல்லிவிடுங்கள்.

உண்டியலில் இதுவரை சேர்ந்த காசுக்கு வகுப்புக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கலாம். என் பேரனின் முப்பது ரூபாயைத் திருப்பித் தரவேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
வெள்ளவத்தை