"முழு அதிகாரம்" எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி, சென்ற இதழில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எந்த அலுவலகம், என்னென்ன ஆவணம், எத்தனை போட்டோ என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவில் கட்டம் கட்டி ஒரு வாக்கியம்: "18 வயது முடிந்ததும் பாதுகாவலர் சான்று வாங்கிவிடுங்கள், அது கையில் இருந்தால் எல்லா முடிவும் எடுக்கும் முழு அதிகாரம் உங்களுடையது, பிறகு கவலையே இல்லை."

அந்தச் சான்று என் கையில் இருக்கிறது. என் தம்பிக்கு 38 வயது. அப்பா இருந்தவரை சான்று அவர் பெயரில் இருந்தது, அவர் காலத்துக்குப் பிறகு நான் விண்ணப்பித்து என் பெயரில் வாங்கினேன். அந்தக் "கவலையே இல்லை"யை எந்தக் கவுன்ட்டரில் கொடுக்கிறார்கள் என்று கட்டுரையாளர் சொன்னால் நானும் போய் வாங்கிக்கொள்வேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல, இந்தச் சான்று தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி கொடுக்கப்படுவது. மாவட்ட ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என்று மூன்று பேர் கொண்ட குழு அதைக் கொடுக்கிறது. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட அந்தச் சட்டமே சொல்லவில்லை. இந்த நபருக்குப் பாதுகாவலர் தேவைதானா, தேவையென்றால் எந்தெந்தக் காரியங்களுக்கு என்று குழு யோசிக்க வேண்டும் என்கிறது பிரிவு 14. எங்கள் விசாரணை நாளன்று தம்பி வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தான். கேள்வியெல்லாம் என்னிடம். அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, "சாப்பிட்டியாப்பா?" அவனும் மரியாதையாக "இட்லி" என்றான். அவ்வளவுதான், சட்டம் சொன்ன யோசனை முடிந்துவிட்டது.

சரி, அது 1999-ஆம் வருடத்துச் சட்டம். அதற்குப் பிறகு, ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007-இல் ஏற்றுக்கொண்ட நம் நாடு, 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2017 ஏப்ரல் 19-இல் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் பணத்தைக் கையாளவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. 14-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். வேறு எந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலராக இருந்தாலும், அன்றிலிருந்து அவர் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் மட்டுமே என்கிறது அது. அப்படியென்றால் என்ன என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, இரண்டு பேரும் சேர்ந்து பேசி, அந்த மாற்றுத்திறனாளியின் விருப்பப்படி முடிவெடுப்பது. இதில் "முழு அதிகாரம்" எங்கே வருகிறது? சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கட்டம் கட்டிக் கொடுத்தால், அதை வெட்டி வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு வங்கி மேலாளர் என்னிடமே காட்டுவார்.

கற்பனையாகச் சொல்லவில்லை. தம்பி ஒரு காகிதப் பை செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறான். சம்பளம் சின்னதுதான், ஆனால் அவன் பெயரில் உள்ள கணக்கில் விழும். சனிக்கிழமை வங்கிக்குப் போவான். பணம் எடுக்கும் சீட்டை எப்படி நிரப்புவது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதைப் பார்த்துப் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டுவான். பெரிய கூட்டல் கழித்தல் வராது. ஆனால் 500 ரூபாய் நோட்டு கொடுத்தால் திருப்பித் தந்து நூறாகக் கேட்பான், டீக்கடையில் மீதி எவ்வளவு வர வேண்டும் என்ற குழப்பம் இல்லாமல் இருக்க. இந்த உபாயம் அவனாகவே கண்டுபிடித்தது.

அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் தம்பிக்கு வர வேண்டி, நான் பாதுகாவலர் சான்றை அதே கிளையில் கொடுத்தேன். அதற்கு அது தேவைப்பட்டது, அதில் எனக்குப் புகார் இல்லை. ரிசர்வ் வங்கியும் இந்தச் சான்றை ஏற்கலாம் என்று 2007-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஓய்வூதியக் கணக்கும் சம்பளக் கணக்கும் ஒரே வாடிக்கையாளர் எண்ணில் இருந்ததால், கணினியில் "பாதுகாவலர்" என்ற குறி இரண்டிலும் விழுந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா வர வேண்டுமாம். எத்தனையோ வருடமாகச் செல்லுபடியான கையெழுத்து ஒரே வாரத்தில் செல்லாததாகிவிட்டது. மேலாளரிடம் போய் நின்றால், "சான்றைக் கொடுத்தது நீங்கள்தானே மேடம்?" என்கிறார். அவன் புத்தியில் எதுவும் மாறவில்லை, மாறியது என் கையில் இருந்த காகிதம். 14(2)-ஐ எழுதி வங்கியின் மேலிடம் வரை போன பிறகுதான் கணக்குகளைப் பிரித்தார்கள். இப்போது ஓய்வூதியக் கணக்கில் என் கையெழுத்து, சம்பளக் கணக்கில் அவன் கையெழுத்து, ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு எடுக்கும் தொகைக்குச் சின்ன வரம்பு, பணம் எடுத்தால் என் போனுக்குக் குறுஞ்செய்தி.

"ஏமாற்றிவிட்டால்?" என்று கேட்பார்கள். ஏமாற்றினார்கள். தெருவில் ஆசையாகப் பேசிய ஒருவன் இவனைக் கடைக்குக் கூட்டிப்போய், இவன் ஆதாரையும் கைரேகையையும் வைத்து, தவணையில் ஒரு செல்போன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அப்போது பாதுகாவலர் சான்று பீரோவில் பத்திரமாக இருந்தது. அது யாரையும் தடுக்கவில்லை. முதல் தவணை கழிந்தபோது வந்த குறுஞ்செய்திதான் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு நானும் தம்பியும் பேசி ஒரு வழக்கம் வைத்தோம். யார் கையெழுத்தோ ரேகையோ கேட்டாலும், "அக்காகிட்ட கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிப் போன் செய்ய வேண்டும். கூடத்தின் மேற்பார்வையாளருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். ஆதரவுடன் முடிவெடுத்தல் என்று கருத்தரங்குகளில் பெரிதாகப் பேசுகிறார்களே, அது இதுதான். முடிவு அவனுடையது, புரிய வைப்பதும் கூட நிற்பதும் எங்கள் வேலை.

மருத்துவமனையிலும் இதே கதை. குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் படிவத்தை மருத்துவர் என் பக்கம் நீட்டினார். அவனுக்குச் சொல்லுங்கள் என்றேன். அலுத்துக்கொண்டே ஒரு தாளில் வயிறு வரைந்து, குடல் பிதுங்கும் இடத்தைக் காட்டி, இங்கே தைப்போம் என்றார். தம்பி கேட்ட கேள்விகள் இரண்டு: ஊசி முதலிலா, அப்புறமா? எத்தனை நாள் கழித்து வேலைக்குப் போகலாம்? என்னைக் கேட்டால் அந்த வார்டில் நாங்கள் யாருமே கேட்காத நல்ல கேள்விகள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றான். முதலில் அவன் கையெழுத்து, கீழே என்னுடையது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இலேசான அறிவுக் குறைபாடு இருப்பதாலேயே அவள் விருப்பத்தை ஒதுக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது 2009-இல். இத்தனை வருடம் கழித்தும் குடலிறக்கத்துக்கு நான் வாதாட வேண்டியிருக்கிறது.

சொத்து விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கடிதம் முடியாது. தாத்தா வீட்டில் அப்பாவின் பங்கில் தம்பிக்கும் உண்டு. குறைபாட்டைக் காட்டி வாரிசு உரிமையை மறுக்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. தம்பி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பெரியப்பா வீட்டில் விடுதலைப் பத்திரம் கேட்டார்கள். தம்பி கையெழுத்தைச் சார்பதிவாளர் ஏற்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். பார்த்தால் புத்தி சுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்க வேண்டும் என்று 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால் என்னிடம், "நீதானே கார்டியன், நீயே போட்டுடும்மா, அவனுக்கு என்ன தெரியும்" என்றார்கள், காபி கொடுத்து, ரொம்பப் பாசமாக. ஆசிரியர் அவர்களே, அந்தச் சான்றின் பலத்தை நான் முழுசாக உணர்ந்தது அந்தக் காபியில்தான். நான் போட்டிருந்தால் கேட்க ஆள் கிடையாது. பாதுகாவலர் வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான் அனுப்பிய கணக்கை யாராவது பிரித்தாவது பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தம்பியிடம் கேட்டேன். "தாத்தா வீடு நம்ம வீடு" என்றான். பெரியப்பா வீட்டார் இப்போது எங்களோடு பேசுவதில்லை.

பாதுகாவலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேச்சும் சைகையும் இல்லாத, எதை விரும்புகிறார் என்று தாய்க்கே ஊகமாகத்தான் தெரிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் ஆதரவு கொடுக்க 2016 சட்டத்திலும் இடம் இருக்கிறது. "எங்களுக்கு அப்புறம் யார்?" என்ற பயத்தில்தான் என் அப்பாவும் ஆட்சியர் அலுவலகப் படி ஏறினார். அந்தப் பயத்துக்கு உங்கள் கட்டுரை கொடுத்த பதில் ஒரு காகிதம். அந்தக் காகிதம் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. உதவி செய்பவருக்கே அந்தக் காரியத்தில் ஆதாயம் இருந்தால் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று 13-ஆம் பிரிவு சொல்வதைப் பற்றியும் இல்லை. அது போகட்டும், கட்டுரைக்குப் பேட்டி கொடுத்தவர்கள் அத்தனை பேரும் பெற்றோரும் அதிகாரிகளும்தான். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரிடம்கூடக் கேட்கத் தோன்றவில்லை. போட்டோ மட்டும் அவர்களுடையது.

என் வேண்டுகோள் சின்னது. அடுத்த இதழில், அதே அளவு கட்டத்தில், இரண்டு திருத்தம் போடுங்கள். ஒன்று, பாதுகாவலருக்கு முழு அதிகாரம் இல்லை, 2016 சட்டத்தின் பிரிவு 14(2)-இன்படி அவர் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர். இன்னொன்று, விண்ணப்பிக்கும்போதே எந்தக் காரியத்துக்கு வேண்டும் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். ஓய்வூதியத்துக்கு மட்டும் என்றால் ஓய்வூதியத்துக்கு மட்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "தம்பி" என்று எழுதிக்கொள்ளலாம், பெயர் கூடாது என்றான். போன முறை பேருந்துச் சலுகை பற்றி நான் எழுதியதை நாலு வரியாக வெட்டி, அதில் விஷயம் எதுவோ அதை விட்டுவிட்டீர்கள். இதையும் வெட்டுவீர்கள், தெரியும். இட்லியை எடுங்கள், காபியை எடுங்கள், பிரிவு எண்ணை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை