பதினெட்டு எழுத்துக்குள் எத்தனை விவரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனில் இயங்கும் பண்பாட்டுக் கழகம் ஒன்றின் ஆண்டு விழா டிக்கெட் அறிவிப்பைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். அதன் கீழே ஒரு வரி: “பேங்க் மூலம் பணம் அனுப்புவோர் ரெஃபரன்ஸில் முழுப்பெயர், இருக்கை எண்கள், கைப்பேசி எண் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடவும். தவறினால் கழகம் பொறுப்பேற்காது.” இந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. செய்யவே முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்யாதவர் மீதே பழியையும் போடுகிற வரி இது.

பிரிட்டனில் நாம் அன்றாடம் பணம் அனுப்பும் ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் முறையில் ரெஃபரன்ஸுக்கு இருக்கும் இடம் 18 எழுத்துகள்தான். இடைவெளியும் அதில் ஓர் எழுத்து. SIVASUBRAMANIAM என்று தட்டினாலே 15 போய்விடும். ஓர் இடைவெளி விட்டால் 16. மிச்சம் இரண்டு எழுத்தில் C12 என்ற ஓர் இருக்கையைக்கூட எழுத முடியாது. கைப்பேசி எண்ணோ தனியாகவே 11 இலக்கம். தமிழில் எழுதினால் பேங்க் ஆப் ஏற்பதில்லை. தங்களுக்கும் இது தெரியாததல்ல; தங்கள் இதழின் சந்தாவையும் நாங்கள் இதே வழியில்தான் கட்டுகிறோம்.

இடம் போதாதபோது ஆளாளுக்கு ஒன்றை எழுதுவார்கள். ஒருவர் TICKET என்பார், ஒருவர் SIVA FAMILY என்பார், ஒருவர் வெறுமே விட்டுவிடுவார். அதன்பின் பொருளாளர் நம்பியிருக்க வேண்டியது அனுப்பியவரின் கணக்குப் பெயரைத்தான். நம்மவர் விஷயத்தில் அதுவும் கைகொடுக்காது. முன்பதிவு கணவர் பெயரில் இருக்கும். பணம் மனைவியின் கணக்கிலிருந்து போகும். அந்தக் கணக்கில் அவருடைய தந்தை பெயர் குடும்பப் பெயராக நிற்கும். இரண்டு பெயருக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இராது. 20 பவுண்டு வகுப்பில் நால்வர் கொண்ட மூன்று குடும்பங்கள் ஒரே மாலையில் 80 பவுண்டு வீதம் அனுப்பினால், ஸ்டேட்மென்டில் மூன்று 80 இருக்கும். எது யாருடையது என்று யார் சொல்வது? விழாவன்று வாசலில் நடக்கும் வாக்குவாதங்களுக்கு விதை இங்கேதான் விழுகிறது. பல ஆண்டுகள் டிக்கெட் மேசையில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: காசு கட்டாமல் வந்து சண்டை பிடிப்பவர் மிக அரிது. கட்டியவர்தான் கட்டியதை நிரூபிக்க முடியாமல் பிள்ளைகளோடு ஓரமாக நிற்கிறார்.

இதற்குத் தீர்வு கடினமில்லை. பணம் கட்டுமுன் ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். PV0147 என்று ஆறே எழுத்து. ரெஃபரன்ஸில் அதைத் தவிர வேறெதுவும் எழுதாதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். பெயர், இருக்கை, தொலைபேசி எல்லாம் கழகத்தின் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும். 48 மணி நேரத்தில் பணம் வராவிட்டால் ஒருமுறை அழைத்துக் கேட்டுவிட்டு அந்த இருக்கைகளை மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம். பணம் பெரும்பாலும் சில நொடிகளில் சேர்ந்துவிடும், தாமதித்தாலும் பொதுவாக இரண்டு மணி நேரம்தான் என்பதால், இந்தக் கெடு யாருக்கும் கடுமையானதல்ல.

அறிவிப்பு கேட்கும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டும் இதற்கு மாற்றாகாது. நாளைக்கென்று தேதி குறித்து வைத்த பணமும் படத்தில் அனுப்பியதுபோலவே தோன்றும். பணம் வந்ததா என்பதைச் சொல்லக்கூடியது கழகத்தின் ஸ்டேட்மென்ட் மட்டுமே.

கணக்கு விவரத்திலும் ஒரு குறை. சார்ட் கோட் ஆறு இலக்கமும் கணக்கு எண் எட்டு இலக்கமும் சரியாகத் தந்திருக்கிறார்கள். கணக்கின் பெயரைத்தான் சுருக்கி, மூன்று எழுத்தாக்கிவிட்டார்கள். 2020 முதல் இங்குள்ள பேங்குகள், புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது நாம் தட்டிய பெயரும் கணக்கின் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சொல்கின்றன. சுருக்கப் பெயரைத் தட்டினால், பொருந்தவில்லை, மோசடியாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை வரக்கூடும். சங்கம் என்ற ஒரே சொல்லை Sangam என்றும் Sankam என்றும் எழுதுகிறவர்கள் நாம். பேங்கில் எப்படிப் பதிந்திருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் வயதானவர்கள் பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதைவிட மோசம், அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் அழுத்திவிடும் பழக்கத்தை நாமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவோம்.

இருக்கைப் படத்துக்கு வருகிறேன். அதில் எச் வரிசையை அடுத்து ஐ, பிறகு ஜே. இந்நாட்டு அரங்குகள் பலவற்றில் ஐ வரிசையே கிடையாது, ஏனெனில் அந்த எழுத்து 1 என்ற எண்ணைப் போலத் தெரியும். சுழியம் போன்ற ஓ வரிசையையும் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். அரங்கின் சொந்தப் படத்தை வாங்காமல், கணினியில் ஏ முதல் வரிசையாக இழுத்துப் பட்டியல் போட்டால் இப்படித்தான் வரும். வரிசைக்கு 20 இருக்கை என்றால், இல்லாத வரிசைக்கு டிக்கெட் வாங்கிய 20 பேர் அன்று நடுவழியில் நிற்பார்கள். அவர்களை எங்காவது உட்கார வைக்கப் போய் பின்வரிசைகளும் குலையும். அந்த அரங்கில் ஐ வரிசை உண்டா என்பதை விற்பனைக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.

“ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு டிக்கெட் தேவையில்லை” என்ற வரியும் இப்படித்தான், ஆண்டுதோறும் திருந்தாமல் வருகிறது. கட்டணம் இல்லாதிருக்கலாம், டிக்கெட் இல்லாதிருக்கக் கூடாது. தீ விபத்து நேர்ந்தால் எத்தனை பேரை வெளியேற்ற முடியும் என்பதை வைத்தே அரங்கின் கொள்ளளவு தீர்மானிக்கப்படுகிறது. மடியில் இருக்கும் குழந்தையும் அந்தக் கணக்கில் ஓர் ஆள். ஆகவே பூஜ்யம் பவுண்டு டிக்கெட் ஒன்றைக் குழந்தை பெயரில் கொடுத்துவிட வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருவோர் “விழாவுக்கு இரு நாள் முன்பு அழைக்கவும்” என்றிருப்பதைப் படிக்கவே வேதனையாக இருந்தது. அவர்களுக்கான இடங்கள் அரங்கில் சிலவே. முன்கூட்டி ஒதுக்காவிட்டால், அவற்றின் பக்கத்து இருக்கைகள் முதல் நாளிலேயே விற்றுப்போகும். துணைக்கு வருபவர் வேறெங்கோ உட்கார நேரும். மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பதை 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கடமையாகவே வைத்திருக்கிறது. அந்த இடங்களைத் துணை இருக்கையோடு சேர்த்து, விற்பனை தொடங்கும் நாளிலேயே படத்தில் தனியாகக் குறித்துவிட வேண்டும்.

கழகத்தாரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இதையெல்லாம் அவர்களிடம் நேரில் சொன்னபோது, “எப்போதும் இப்படித்தான் போடுகிறோம்” என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அதனால் தங்களிடம் வந்திருக்கிறேன். அறிவிப்பு அடுத்த இதழிலும் வரும் என்று அறிகிறேன். கணக்கின் முழுப் பெயரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்த ரெஃபரன்ஸ் வரியை நீக்கி, “முன்பதிவு எண்ணை மட்டும் எழுதவும்” என்று மாற்றச் சொல்லுங்கள். இவ்வளவுதான் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஹாரோ