முதல் சம்பளத்தை உரிய மாதத்திலேயே தாருங்கள்: சம்பளப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சம்பளப் பிரிவு அலுவலர்களுக்கு,

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஜோகானஸ்பர்க் வந்து 11ஆம் தேதி பணியில் சேர்ந்தேன். சம்பளப் பட்டியல் 10ஆம் தேதியே முடிந்துவிட்டதென்று, மீதி நாட்களின் ஊதியத்தை அடுத்த மாதம் 25ஆம் தேதிதான் தந்தீர்கள். நியமனக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த நாட்களை நான் கடந்த விதத்தை நீங்கள் அறிய வேண்டும். அறை வாடகை 4,500 ராண்ட், முன்பணமும் அதே அளவு. இரண்டையும் மாமா கொடுத்து உதவினார். சாப்பாட்டிற்கும் டாக்சிக்கும் அம்மா தன் வளையலை அடகு வைத்து அனுப்பினார். முதல் சம்பளத்தில் மீட்டுத் தருவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் 25ஆம் தேதி இரவு அப்பா அழைத்து, "தம்பி, சம்பளம் வந்ததா?" என்று கேட்டபோது, "அடுத்த மாதம் வரும்பா" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் மாத வாடகைக்கு வட்டிக்கடையில் 4,500 வாங்கினேன். மாதம் 5 விழுக்காடு வட்டியும் தொடக்கக் கட்டணமும் சேவைக் கட்டணமுமாக 800 ராண்டுக்கு மேல் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. 14,000 ராண்ட் சம்பளத்தோடு முந்தைய நாட்களுக்கான 9,400 ராண்டும் ஒன்றாக வந்தபோது, முழுவதையும் ஒரே மாத வருமானமாகக் கருதி வரி பிடித்ததால் உரியதைவிட 1,000 ராண்டுக்கு மேல் கூடுதலாகக் கழிந்துவிட்டது. நீங்கள் சரிசெய்யாவிட்டால், வரியாண்டு முடிந்தபின் கணக்குத் தாக்கல் செய்துதான் அதைத் திரும்பப் பெற வேண்டும். கைக்கு வந்தது ஏறத்தாழ 20,150. மாமாவின் 9,000, வட்டிக்கடை, அடுத்த வாடகை ஆகியவை போக மிஞ்சியது 1,300 ராண்டுக்கும் குறைவு. வளையலை மீட்க 2,400 வேண்டும். வட்டிக்கடைக்குப் போனதும் வரியாகப் போனதும் என் கையில் இருந்திருந்தால், அன்றே மீட்டிருப்பேன்.

1997ஆம் ஆண்டின் 75ஆம் எண் அடிப்படைப் பணி நிலைமைகள் சட்டம், 32ஆம் பிரிவில், ஊதியக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும் என்கிறது. பட்டியல் முடிந்த தேதி உங்கள் அலுவலக வசதிக்கானது. அது சட்டத்தின் நாட்களை நீட்டிவிடாது. நுழைவு அட்டை தொலைந்தால் அதற்கான பணத்தை உடனே கேட்கும் நிறுவனம், உழைத்த நாட்களுக்கான கூலியைத் தர ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன். பட்டியல் முடிந்தபின் சேர்பவருக்கு, அந்த மாதக் கூலியை ஏழு நாட்களுக்குள் தனியாக வழங்குங்கள். வரியை அந்தந்த மாதத்திற்கெனப் பிரித்துக் கணக்கிடுங்கள். எனக்குக் கூடுதலாகப் பிடித்த வரியை, இந்த வரியாண்டு முடியும் முன்பே, அடுத்த சம்பளத்தில் சரிசெய்து தருமாறு வேண்டுகிறேன். அம்மாவின் வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊழியன்