பொது இடங்களில் கேமரா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை நம் குடியிருப்பில் வாசல் கேட், வண்டி நிறுத்துமிடம், மாடிப்படி ஆகிய மூன்று இடங்களில் கேமரா பொருத்துகிறோம். இரண்டு முறை பெட்ரோல் திருடு போன பிறகு எடுத்த முடிவு இது.

“கதவைத் திறந்தால் எங்கள் கூடம் முழுவதும் தெரியுமே” என்று இரண்டாம் மாடியிலிருந்து கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நேற்று அங்கே நின்று பார்த்தேன், உண்மைதான். அதனால் அந்தக் கேமராவைப் படிக்கட்டு நோக்கித் திருப்பச் சொல்லிவிட்டேன். அப்படியும் கதவின் ஓரம் தெரியும். அந்தப் பகுதியை அமைப்பிலேயே கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிடுவார்கள். மறைத்த இடம் பதிவாகவே ஆகாது. பிறகு நான் நினைத்தாலும் பார்க்க முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: யாராவது இடித்துக் கேமரா நகர்ந்துவிட்டால், கட்டம் படத்தில் இருந்த இடத்திலேயே நிற்கும், கதவு வெளியே வந்துவிடும். கேமரா சாய்ந்திருப்பதாகத் தோன்றினால் உடனே சொல்லுங்கள்.

ஒலிப்பதிவு கிடையாது; மைக்கை அணைத்துவிடுவோம். படிக்கட்டில் நின்று என்னைத் திட்டினாலும் எனக்குக் கேட்காது.

பதிவுகள் 15 நாட்களில் தானாக அழிந்துவிடும். எனவே ஏதாவது காணாமல் போனால் அதற்குள் சொல்லுங்கள். கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருக்கும். புகார் வந்தால், புகார் கொடுத்தவரை உடன் வைத்துக்கொண்டுதான் திறப்பேன்.

பொருத்தி முடித்ததும் மாலை ஆறு மணிக்குத் திரையில் காட்டுகிறேன். உங்கள் வாசல் தெரிகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம்.