ஐந்நூறு எழுத்துக்குள் ஒரு முதல் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் வாங்குபவரை நேரடியாகத் தேடிப் போகலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் அந்த முதல் தொடர்பு எப்படி நடக்கிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது: "நிறுவனங்களின் இணையதளத்தில் தொடர்புப் படிவம் இருக்கும், அதில் எழுதலாம்." நான் ஏற்காட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் செய்து தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியில்தான் எங்கள் மலைக்காரர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

போன அறுவடை முடிந்த நேரத்தில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு ஏக்கர் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. காபி வறுத்து விற்கும் ஒரு கடையின் இணையதளத்தை அவர் பேரன் செல்லில் காட்டியிருக்கிறான். அவர்களுக்கு எழுத வேண்டும் என்று இரண்டு பக்கம் கைப்பட எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் அதை அப்படியே டைப் செய்து, காப்பி எடுத்து, படிவத்தில் ஒட்டி அனுப்பினேன். "உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்று திரையில் வந்தது. அவரும் நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

மூன்று வாரம் பதிலே இல்லை. "தம்பி, அவங்களுக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று திரும்பி வந்து கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மின்னஞ்சல் என்றால் அனுப்பியவை என்ற பகுதியில் ஒரு நகல் இருக்கும். படிவத்தில் எழுதினால் நம்மிடம் எதுவும் மிஞ்சாது. அவருக்கென்று மின்னஞ்சல் இல்லாததால் என் கடை முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். அதில் தேடிப் பார்த்தபோது, அந்தக் காபிக் கடையிலிருந்து தானாக வந்த ஒரு ரசீது மடல் ஸ்பாமில் கிடந்தது. நாங்கள் அனுப்பிய செய்தியின் நகல் அதில் இருந்தது. வணக்கம், ஊர், தாத்தா காலத்தில் தோட்டம் வாங்கிய கதை, ஏற்காட்டுக் காபியின் பெருமை எல்லாம் இருந்தன. "இந்த வருடம் மழை தாமதமாக வந்ததால் கா" என்பதோடு செய்தி நின்றுவிட்டது. எத்தனை கிலோ இருக்கிறது, என்ன கேட்கிறார், செல் எண் என்ன என்ற மூன்றும் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடப் போகவில்லை.

படிவத்தில் செய்தி எழுதும் பெட்டிக்கு 500 எழுத்து வரம்பு. பெட்டிக்குள் நேரடியாக டைப் செய்திருந்தால் 500 வந்ததும் விசை வேலை செய்யாமல் நின்றிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். ஒட்டும்போது அப்படி இல்லை. வரம்பைத் தாண்டிய பகுதியைப் பிரவுசர் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, முன்பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. சில தளங்கள் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும், பல தளங்கள் எதுவும் சொல்லாது. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பெட்டியின் அடிவரை நகர்த்தி, நம் கடைசி வாக்கியம் முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் வழி. அன்று நான் அதைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

இதில் தமிழுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாம் எண்ணுகிற எழுத்து வேறு, படிவம் எண்ணுகிற எழுத்து வேறு. "ஏற்காடு" நமக்கு நான்கு எழுத்து. படிவத்துக்கு ஏழு. ஏ ஒன்று, ற ஒன்று, அதன் மேல் புள்ளி ஒன்று, க ஒன்று, கால் ஒன்று, ட ஒன்று, உகரக் குறி ஒன்று. அதாவது உயிரெழுத்தும் அகரம் ஏறிய உயிர்மெய்யும் ஒன்றாகவும், புள்ளி வைத்த மெய்யும் மற்ற உயிர்மெய்களும் இரண்டாகவும் கணக்காகும். "சேலம்" மூன்றெழுத்து என்று நினைத்தால் படிவத்தில் ஐந்து. இடைவெளிக்கும் ஒன்று போய்விடும். ஆகவே 500 என்று போட்டிருந்தால், தமிழில் ஏறக்குறைய ஐம்பது, அறுபது சொல்தான் நம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தி பிரிக்க எண்டர் தட்டினால், பெட்டியில் ஒன்றாகக் கணக்காவது சில தளங்களில் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது இரண்டாகிவிடும். வரம்பை முட்டிக்கொண்டு எழுதாமல் ஒரு முப்பது, நாற்பது எழுத்து மிச்சம் விடுவது நல்லது.

சரி, பெரியவரின் இரண்டு பக்கத்தை ஐம்பது சொல்லாக்க உட்கார்ந்தோம். தாத்தா கதையை எடுக்க அவருக்கு மனமில்லை. எனக்கும்தான். ஆனால் அந்தக் கதையை அவர்கள் நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். இப்போது வேண்டியது ஒரு பதில் மட்டும்தான் என்று பேசிப் பேசி முடிவுக்கு வந்தோம்.

அவர் "8 மூட்டை" என்று எழுதியிருந்தார். மூட்டைக்கு எத்தனை கிலோ என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் 400 கிலோ என்று மாற்றினோம். "காபி இருக்கிறது" என்பது, உள்தோல் நீக்காத காய்ந்த கொட்டை என்று பொருள்படும் பார்ச்மென்ட் ஆனது. இது முக்கியம். பார்ச்மென்ட் தோலை நீக்கினால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதைச் சொல்லாவிட்டால் வாங்குபவர் விலையைக் கணக்கிடவே முடியாது. "மிகத் தரமானது" என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் தரம் எப்படி வந்தது என்பதை எழுதினோம்.

படங்கள்தான் அவருக்குப் பெரிய குறை. செல்லில் 14 படம் வைத்திருந்தார்: செடியில் சிவந்த பழம், கூழ் நீக்கும் பல்ப்பர், களத்தில் பரப்பிய பார்ச்மென்ட். படிவத்தில் கோப்பு இணைக்க வழியே இல்லை. டிரைவில் ஏற்றி லிங்க் கொடுக்கலாமே என்று பேரன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். லிங்க் இருந்தாலே ஸ்பாம் என்று ஒதுக்கும் படிவங்கள் நிறைய. தப்பிப் போனாலும், முன்பின் தெரியாத ஆள் அனுப்பிய லிங்கைத் திறக்க யாரும் தயங்குவார்கள். துணிந்து திறந்தாலும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற அனுமதியை நாம் கொடுக்க மறந்திருந்தால் அவர்களுக்குப் படம் வராது, அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அதைவிட, ஒவ்வொரு படமும் எதைக் காட்டுகிறது என்று பெரியவரையே கேட்டேன். "பழுத்ததை மட்டும்தான் பறிச்சோம்ங்கறதுக்கு இது. எத்தனை நாள் காய்ஞ்சதுங்கறதுக்கு இது." அவர் வாயில் வந்ததே வாக்கியமாகிவிட்டது. கடைசியில் இப்படி வந்தது:

"ஏற்காடு நாகலூரிலிருந்து எழுதுகிறேன். என் செல் எண் (இங்கே பத்து இலக்கம்). இந்த ஜனவரியில் பறித்த அரபிகா பார்ச்மென்ட் 400 கிலோ விற்பனைக்கு உள்ளது. பழுத்த பழம் மட்டும் பறித்து, கூழ் நீக்கி, கழுவி, 12 நாள் களத்தில் காயவைத்தது. ஈரப்பதம் 10 சதவீதம். சிறு விவசாயிகளிடம் நேரடியாக வாங்குகிறீர்களா? வாங்கினால் ஒரு கிலோ மாதிரி எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்? படங்கள் வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்."

படிவத்தின் கணக்கில், செல் எண்ணையும் சேர்த்து, 400-க்குள் அடங்கியது. எண்ணை இரண்டாவது வாக்கியத்திலேயே வைத்ததைக் கவனியுங்கள். எங்காவது வெட்டுப்பட்டாலும் வால்தான் போகும், எண் பிழைத்துக்கொள்ளும். முதல் கேள்வியும் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியது. விலை என்ன என்று முதல் செய்தியிலேயே கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். மாதிரியை வறுத்துக் குடித்துப் பார்க்காமல் யார் விலை சொல்வார்கள்?

இந்த முறை பேரன் செல்லிலேயே பெரியவருக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கினோம். படிவத்தில் கொடுக்கும் முகவரிக்குத்தான் பதில் வரும். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் அவர்கள் எழுதும் பதில் நமக்குக் கிடைக்காது. பையன் அவசரத்தில் gmail.con என்று அடித்துவிட்டான், படிவம் அதை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. நடுவில் @ இருந்து, பார்க்க முகவரி போல இருந்தால் அதற்குப் போதும். அப்படி ஒரு முகவரி உண்மையில் இருக்கிறதா என்று அது சோதிப்பதில்லை. அனுப்புவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னதால் பிழையைப் பிடித்தோம்.

இன்னும் ஒன்று. எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும். பக்கம் மறுபடி லோடானால் எழுதியதெல்லாம் காலி. செய்தியை முதலில் செல்லின் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு, பிறகு தேவைப்பட்டால் அந்த நகலும் இருக்கும். "நான் ரோபோ அல்ல" என்ற கட்டத்தை எல்லாம் சரிபார்த்த பிறகு கடைசியாக டிக் செய்யுங்கள். முதலிலேயே டிக் செய்துவிட்டுத் திருத்திக்கொண்டிருந்தால், இரண்டு நிமிடத்தில் அது காலாவதியாகி மறுபடி கேட்கும். அனுப்புவதற்கு முன் நிரப்பிய படிவத்தையும், அனுப்பிய பின் வரும் நன்றிப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் எந்தத் தேதியில் என்ன சொன்னோம் என்பது கையில் இருக்கும். என் கடையில் இப்போது யாருக்குப் படிவம் நிரப்பினாலும் அந்த இரண்டு படத்தையும் அவர்கள் செல்லுக்கு அனுப்பிவிடுகிறேன்.

நான்காம் நாள் பெரியவருக்குப் போன் வந்தது. மாதிரி கேட்டார்கள். ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டி, பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை உள்ளே வைத்து, சேலத்துக்கு இறங்கிப் போய்க் கூரியரில் போட்டுவிட்டு வந்தார். படங்களைப் பேரன் அவர்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினான். பேச்சு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வாங்குபவர்களின் இணையதள முகவரிகளை வெளியிடும்போது, படிவத்தில் எத்தனை எழுத்து வரம்பு, கோப்பு இணைக்க முடியுமா என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். படிவம் வைத்திருக்கும் நிறுவனங்களும் உங்கள் இதழைப் படிப்பார்கள். மீதி எத்தனை எழுத்து என்று காட்டும் எண்ணைப் பெட்டிக்குக் கீழே வையுங்கள், அனுப்பியவருக்கு ஒரு நகலை மடலில் அனுப்புங்கள் என்று அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடை நகல் அனுப்பியிருக்காவிட்டால், பெரியவரின் செய்தி எங்கே வெட்டுப்பட்டது என்பது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ஒண்டிக்கடை, ஏற்காடு