புதிய ஆலைச் செய்தியும் உன் கடிதத்தின் முதல் வரியும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பியிருந்த விண்ணப்பக் கடிதத்தின் வரைவும் கிடைத்தன. வேலை மாறலாம் என்று நீ முடிவெடுத்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி, ஒரே மருந்து ஆலையில் வாட்டர் சிஸ்டத்தையே கட்டிக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டாய், அந்த அனுபவம் இன்னொரு ஆலைக்குப் பயன்படட்டும். இங்கே நான் நலம். எங்கள் நிறுவனத்திலும் புதிய லைன் ஒன்று வரப்போகிறது என்ற செய்தி வெளியானதிலிருந்து வேலை கேட்டு வரும் கடிதங்களைப் படிப்பது என் அன்றாட வேலையாகிவிட்டது, அதனால் உன் வரைவைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

நீ எழுதியிருக்கும் தொடக்கம் இது: "தங்கள் நிறுவனம் புதிய ஆலையைத் தொடங்கியிருப்பதை நாளிதழில் படித்து மிகவும் மகிழ்ச்சியடைந்தேன். தங்கள் வளர்ச்சி வியக்கத்தக்கது. இத்தகைய நிறுவனத்தில் பணியாற்ற விரும்புகிறேன்." செல்வி, என் மேசைக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. மரியாதையான வரிகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆலையைக் கட்டுகிறவரிடமே அந்த ஆலை வந்திருக்கிறது என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் செய்தியால் அவர் தலையில் என்ன வேலை விழுந்திருக்கிறது, அந்த வேலையை நீ ஏற்கெனவே எங்கே செய்தாய், இந்த இரண்டும்தான் அவருக்கு வேண்டும். ஒரு சின்னச் சோதனை செய்து பார். ஆலையைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு மீதியைப் படி. கடிதம் அப்படியே நிற்கிறது என்றால் செய்திக்கும் உனக்கும் இடையில் முடிச்சு விழவில்லை என்று அர்த்தம். உன் வரைவில் அப்படித்தான் இருக்கிறது, அந்த மூன்று வரிகளைத் தூக்கிவிட்டாலும் நான்காவது வரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

முடிச்சுப் போட முதலில் செய்தியைச் சரியாகப் படிக்க வேண்டும். 'புதிய ஆலை' என்று தலைப்பு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கட்டம் வேறு வேறு. ஒப்பந்தம் கையெழுத்தானது என்றால் இன்னும் நிலம்கூட வாங்காமல் இருக்கலாம், சில ஒப்பந்தங்கள் ஆலையாக மாறுவதே இல்லை. அடிக்கல் நாட்டினார்கள் என்றால் இப்போது அங்கே தேவைப்படுகிறவர்கள் கட்டுமானமும் திட்டமிடலும் தெரிந்தவர்கள். இயந்திரங்களை நிறுவுகிறார்கள், சோதனை உற்பத்தி நடக்கிறது என்றால், எல்லாம் சரியாக இயங்குகிறது என்று சோதித்து நிரூபிக்கும் வேலிடேஷன் ஆட்களின் நேரம். வணிக உற்பத்தி தொடங்கியது என்றால் அன்றாட உற்பத்தி, பராமரிப்பு, தணிக்கைக்குத் தயாராவது, இந்த வேலைகள். நாளிதழ்ச் செய்தியில் இந்த வேறுபாடு பல நேரம் மங்கிவிடும், அதனால் நிறுவனமே வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படி. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பில் எந்தப் பிரிவு, எந்த இடம், என்ன கட்டம் என்று பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அவர்களுடைய வேலை அறிவிப்புகளையும் ஒரு பார்வை பார், எந்தப் பதவிகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதிலிருந்தே ஆலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

நீ அனுப்பிய செய்தி நறுக்கில் நீ தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது: திரவ மருந்துப் பிரிவில் சோதனை உற்பத்தி தொடங்கிவிட்டது. எனக்கு உன் நினைவு வந்தது அந்த வரியில்தான்!

உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள், காரணம் இருக்கிறது. புதிய நீர் அமைப்பை மூன்று கட்டமாகச் சரிபார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீரை எடுக்கும் ஒவ்வொரு பயன்பாட்டு முனையிலும் தினமும் சாம்பிள் எடுக்கிறோம், அந்தத் தண்ணீரை மருந்துக்குப் பயன்படுத்துவதில்லை. இரண்டாம் கட்டத்திலும் அதே தீவிரம்தான், ஆனால் முடிவுகள் சரியாக இருந்தால் தண்ணீரை உற்பத்திக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கட்டம் ஏறத்தாழ ஓராண்டு ஓடும், ஏனென்றால் மூலத் தண்ணீர் பருவத்துக்குப் பருவம் மாறும், கோடையில் வந்த முடிவை வைத்து மழைக்காலத்துக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. ஆக, திறப்பு விழாப் படம் நாளிதழில் வந்த பிறகும் அந்த ஆலையின் தரப் பிரிவுத் தலைவர் பல மாதம் இந்த மூன்றாம் கட்டத்தோடுதான் வாழ்ந்துகொண்டிருப்பார். செய்தியில் இது ஒரு சொல்கூட இருக்காது. செய்தியைப் படித்துவிட்டு இதை ஊகிக்க முடிகிற ஆள் நீ, அந்த ஊகம்தான் உன் முதல் வரி.

அதனால் நான் எழுதிப் பார்த்தது இப்படி:

"சோதனை உற்பத்தி தொடங்கியிருக்கும் உங்கள் திரவ மருந்துப் பிரிவில், நீர் அமைப்பின் ஓராண்டுக் கண்காணிப்பு இனிமேல்தான் நடக்கவிருக்கும் என்று எண்ணுகிறேன். அதே மூன்றாம் கட்டத்தை இன்னொரு புதிய ஆலையில் தொடக்கத்திலிருந்து இறுதி அறிக்கை வரை நடத்தியிருக்கிறேன். மழைக்காலத்தில் ஒரே ஒரு பயன்பாட்டு முனையில் மட்டும் நுண்ணுயிர் எண்ணிக்கை ஏறியபோது, தண்ணீர் தேங்கி நின்ற குழாய்த் துண்டைக் கண்டுபிடித்து அகற்றினோம், அதன் பிறகு ஆண்டு முடியும் வரை எல்லா முனைகளும் வரம்புக்குள் இருந்தன."

இதில் ஆலையைப் பற்றிய செய்தி தனி வாக்கியமாக இல்லை, கவனித்தாயா? 'தொடங்கியிருக்கும் உங்கள் பிரிவில்' என்று போகிற போக்கில் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த சங்கதிக்கு அவ்வளவு இடம் போதும். வாக்கியத்தின் பாரம் முழுக்க அடுத்து வரப்போகும் வேலையின் மேல் விழுகிறது. 'எண்ணுகிறேன்' என்று போட்டதற்கும் காரணம் உண்டு: உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் பார்க்கவில்லை, அடித்துச் சொன்னால் தப்பாகப் போக வாய்ப்பிருக்கிறது. இதையே "உங்களுக்கு அனுபவமுள்ள ஆட்கள் குறைவாக இருப்பார்கள்" என்று எழுதியிருந்தால் படிக்கிறவர் முகம் சுளிப்பார். வரப்போகும் வேலையைச் சொல்லலாம், அவர்களிடம் இல்லாததைச் சுட்டக் கூடாது.

மூன்றாவது வாக்கியத்தில் குழாய்த் துண்டைச் சேர்த்ததை நீ எடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது, உனக்கு அது சாதாரண விஷயமாகத் தோன்றும். எடுக்காதே. மற்ற முனைகள் எல்லாம் சரியாக இருந்து ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப ஏறினால் கோளாறு மொத்த அமைப்பில் இல்லை, அந்த முனையிலோ அதற்குப் போகும் கிளையிலோ இருக்கிறது என்று யோசிக்கத் தெரிந்தவள் நீ என்பது அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகிறது. "பகுத்தாராயும் திறன் மிக்கவள்" என்று எத்தனை முறை எழுதினாலும் அது வராது.

இதே காரணத்தால்தான் கடிதம் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு மூன்றாம் கட்டம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம், இந்தத் தொடக்கம் அங்கே வீணாகிவிடும். தரப் பிரிவுத் தலைவருக்கு எழுது. மனிதவளப் பிரிவு வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் முதல் வாக்கியத்திலேயே எந்தப் பதவிக்கு என்று சொல்லிவிட்டு அப்புறம் இதற்கு வா.

இன்னும் ஒன்று, கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அங்கே வேலை செய்யும் உன் பழைய சக ஊழியர் சில விஷயம் சொன்னதாக எழுதியிருந்தாய், எந்த இயந்திரம் தாமதமாகிறது என்பது வரைக்கும். அதில் ஒரு வரிகூடக் கடிதத்தில் வரக் கூடாது. வெளியே அறிவித்ததை மட்டும் எடுத்துக்கொள். உள் விஷயம் உனக்குத் தெரிந்திருப்பதைப் பார்த்தால் கடிதத்தைப் படிக்கிறவர் முதலில் யார் சொன்னது என்று தேடுவார், உன் அனுபவம் அவர் கண்ணில் படவே படாது, அந்த நண்பருக்கும் சிக்கல்.

அதே போல, புதிய ஆலை வருவதற்காகப் பழைய ஆலை ஒன்றை மூடுகிறார்களா என்றும் பார்த்துவிடு. சில நேரம் இரண்டு செய்தியும் ஒரே அறிக்கையில் இருக்கும், ஒன்று மேலே பெரிதாக, இன்னொன்று கடைசிப் பத்தியில். படிக்கிறவர் தன் பழைய குழுவை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு வந்தவராக இருந்தால், வளர்ச்சி, மகிழ்ச்சி என்று தொடங்கும் கடிதம் அவரை வருத்தும். வேலையிலிருந்து தொடங்கும் கடிதத்துக்கு அந்த ஆபத்து குறைவு.

உன் தம்பியும் விற்பனை வேலைக்கு இதே மாதிரி எழுதலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுதலாம், ஆனால் அவர் பிடிக்க வேண்டியது ஆலைச் செய்தியை இல்லை, பொருள் அறிமுகச் செய்தியை. புதிய பொருள் கடைக்கு வந்த முதல் சில மாதத்தில் நிறுவனம் பார்ப்பது, முதல் தடவை வாங்கிவைத்த கடைக்காரர் மறுபடி ஆர்டர் போடுகிறாரா என்பதைத்தான். அறிமுகத்தன்று சரக்கைத் தள்ளிவிடுவது எளிது, மறு ஆர்டர்தான் கடினம். அவர் முன்பு ஒரு புதிய பொருளுக்கு மறு ஆர்டர் வாங்கிய அனுபவம் இருந்தால் அதை வைத்தே தொடங்கட்டும். இல்லையென்றால் செய்தியைத் தொடவே வேண்டாம், நேராக எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்கினாலே போதும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது உன்னிடமிருந்து எனக்கு இரண்டு தகவல் வேண்டும். அந்தக் குழாய்த் துண்டை வெட்டிய பிறகு மறுபடி சானிடைஸ் செய்து எத்தனை நாள் தினசரி சாம்பிள் எடுத்தீர்கள்? இறுதி அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் நீயும் உண்டா, இல்லை தயாரித்துக் கொடுத்ததோடு சரியா? கையெழுத்து உன்னுடையதும் என்றால் 'நடத்தியிருக்கிறேன்' என்பது அப்படியே இருக்கலாம், இல்லையென்றால் அந்த இடத்தில் 'தயாரித்தேன்' என்று மாற்ற வேண்டும், நேர்காணலில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். பதில் வந்ததும் மீதிப் பத்திகளையும் பார்த்துத் தருகிறேன். அதற்கு முன்னால் அனுப்பிவிடாதே, அதே நேரம் ரொம்பவும் தள்ளிப் போடாதே, மூன்றாம் கட்டம் பாதி ஓடிவிட்டால் இந்த முதல் வரியை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கலா